985 எழுத்து என்றுதான் காட்டியது, கடைசி வார்த்தை எங்கே போனது?

தங்கச்சிமடம்_ராஜி

பெரியம்மாவின் குழுவுக்காக ஆன்லைனில் ஒரு உதவி விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். பாசி எடுக்கிற பெண்கள் குழு, இப்போது தெப்பம் போட்டு கப்பப்பைக்கஸ் என்ற கடல்பாசியை வளர்க்கலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். "உங்கள் திட்டத்தை விளக்குக, அதிகபட்சம் 1000 எழுத்துகள்" என்று ஒரு பெட்டி. போனில் நோட்ஸில் எல்லாவற்றையும் எழுதி வைத்து, அதிலிருந்து எடுத்து ஒட்டினேன். ஒட்டியபோதே கடைசிப் பத்தி முழுக்கக் காணோம், ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. சரி, நீளம் அதிகம் போல என்று வெட்டிச் சுருக்கினேன். பெட்டிக்குக் கீழே 985/1000 என்று காட்டியது, முழுசாகத் தெரிந்தது, அனுப்பிவிட்டேன்.

பிறகு வந்த பிடிஎஃப் நகலைப் பார்த்தால் கடைசி வாக்கியம் "குழுவில் உள்ள குடும்பங்களுக்கு நிலையான வருமானம் கிடை" என்று நிற்கிறது. 15 எழுத்து மிச்சம் இருக்கும்போது ஏன் வெட்ட வேண்டும்? இடைவெளி விடாமல் எழுதினால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். அப்படியெல்லாம் எழுதினால் படிக்கிறவருக்கு என்ன புரியும்? விண்ணப்பத்தைத் திருத்த இன்னும் வழி இருக்கிறது, ஆனால் காரணம் தெரியாமல் தொட பயமாக இருக்கிறது.

கடலோரப்பையன்

1000 என்றால் ஆயிரம் வார்த்தை இல்லையா? அரசு படிவங்களில் எல்லாம் வார்த்தைக் கணக்குதானே கேட்பார்கள். நீங்கள் எழுதியது ஆயிரம் வார்த்தைகூட வந்திருக்காதே.

இல்லை எழுத்துக் கணக்கு என்றாலும் இடைவெளியை எண்ண மாட்டார்கள். வேர்டில் போட்டுப் பாருங்கள், இடைவெளி இல்லாமல் எவ்வளவு என்று தனியாக ஒரு எண் காட்டும். அதுதான் சரியான கணக்கு.

பாம்பன்_செல்வம்

தம்பி, வேர்ட் இரண்டு எண்ணையும் காட்டும், இடைவெளியோடு ஒன்று, இடைவெளி இல்லாமல் ஒன்று. அது எழுதுகிறவர் வசதிக்கு. இணையப் பெட்டிக்கு அந்தப் பாகுபாடு கிடையாது, இடைவெளியும் ஒன்று, கமாவும் ஒன்று, முற்றுப்புள்ளியும் ஒன்று, வரி மாற்ற நீங்கள் தட்டுகிற என்டரும் ஒன்று. வேர்ட் அந்த என்டரைப் பத்திக் குறியாக வைத்துக்கொண்டு, எழுத்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் வேர்டில் சரியாக 1000 வந்தது பெட்டியில் ஒட்டும்போது 1000-க்கு மேல் போவது சகஜம்.

ராஜி, உங்களுக்கு நடந்தது இரண்டு தனித்தனி வெட்டு என்று நினைக்கிறேன். முதலில் ஒட்டியபோது வால் போனது பிரவுசர் செய்த வேலை. பெட்டிக்கு உச்சவரம்பு வைத்திருந்தால், தட்டும்போது அதற்கு மேல் எழுத்து விழாது, ஒட்டும்போது உள்ளே கொள்கிற வரைக்கும் எடுத்துக்கொண்டு மீதியைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். இரண்டாவது வெட்டு பெட்டியில் நடக்கவில்லை, நீங்கள் அனுப்பின பிறகு அந்தப் பக்கம், அதை வாங்குகிற கணினியில் நடந்தது. அதற்கு எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். உங்கள் பதிலில் எத்தனை முறை என்டர் தட்டியிருக்கிறீர்கள், வெற்று வரிகளையும் சேர்த்து? அப்புறம் அந்தக் கடைசி வார்த்தை முழுசாக என்ன, புள்ளி உட்பட?

தங்கச்சிமடம்_ராஜி

அண்ணே, படிக்க வசதியாக இருக்கட்டும் என்று தனித்தனி வரியாக எழுதினேன். மூங்கில் தெப்பம் 12-க்கு 12 அடி, 45 நாளில் அறுவடை, கயிறு, விதைப்பாசி, மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது என்ன செய்வோம், இப்படி மொத்தம் 12 வரி. ஒவ்வொரு வரிக்கும் நடுவில் ஒரு வெற்று வரி. அப்படியானால் 11 இடத்தில் இரண்டிரண்டு என்டர், மொத்தம் 22.

கடைசி வார்த்தை "கிடைக்கும்." புள்ளியோடு.

பாம்பன்_செல்வம்

கணக்கு அப்படியே பொருந்துகிறது, பாருங்கள்.

நீங்கள் என்டர் தட்டினால் பெட்டி அதை ஒரே ஒரு குறியாக வைத்துக்கொள்ளும். பெட்டிக்குக் கீழே 985 காட்டியது அந்தக் கணக்கில். ஆனால் படிவத்தை அனுப்பும் நேரத்தில் பிரவுசர் ஒவ்வொரு வரி மாற்றத்தையும் இரண்டு குறியாக மாற்றி அனுப்பும். இது பிழை இல்லை, படிவம் அனுப்புவதற்கு வகுத்த விதியே அப்படித்தான், டைப்ரைட்டர் காலத்தில் வண்டியை இழுப்பது ஒரு வேலை, தாளை ஏற்றுவது இன்னொரு வேலை என்று இருந்ததன் மிச்சம் அது. ஆக உங்கள் 22 என்டரும் அங்கே போய்ச் சேரும்போது 44. 985-உடன் 22 கூடினால் 1007. அங்கே இருக்கிற நிரலும் 1000-இல் வெட்டு என்று எழுதியிருந்தால் 7 போகும்.

இப்போது "கிடைக்கும்." என்பதை எடுங்கள். நம் கண்ணுக்கு கி, டை, க், கு, ம், புள்ளி. கணினிக்குள் உயிர்மெய் ஒரே துண்டாக இருப்பதில்லை. கி என்பது க-வும் இகரக் கொக்கியும், இரண்டு. டை இரண்டு. க் என்றால் க-வும் மேல் புள்ளியும், அதுவும் இரண்டு. கு இரண்டு, ம் இரண்டு, முற்றுப்புள்ளி ஒன்று. மொத்தம் 11. அதில் கடைசி 7 போனால் மிச்சம் 4, அதாவது கி, டை. உங்கள் பிடிஎஃப் நிற்கிற இடம் அதுதான். காணாமல் போனது "க்கும்." மட்டும். ஒன்று கூடவோ குறையவோ இல்லை.

அதனால் வார்த்தைகளை ஒட்டி எழுத வேண்டாம், இடைவெளியை எடுத்தால் ஒன்றுக்கு ஒன்றுதான் மிச்சமாகும், படிக்கவும் முடியாது. வெற்று வரிகளை எடுங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மிச்சம். நான்கு வெற்று வரி எடுத்தாலே பெட்டியில் 981, அங்கே 999, உள்ளே வந்துவிடும். 11-ஐயும் எடுத்தால் பெட்டியில் 974 காட்டும், அங்கே 985.

கடலோரப்பையன்

என் பழைய டேப்லெட்டில் ஒருமுறை என்டர் தட்டினாலே மிச்சம் இருக்கிற எண் இரண்டு குறையும், நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீங்கள் பெட்டியில் ஒன்று என்கிறீர்கள்.

பாம்பன்_செல்வம்

அதுவும் உண்மைதான். பழைய குரோம் உச்சவரம்பைப் பார்க்கும்போது வரி மாற்றத்தை இரண்டாக எண்ணியது, ஃபயர்பாக்ஸ் ஒன்றாக எண்ணியது. ஒரே படிவம் ஒருவரிடம் ஒரு மாதிரியும் இன்னொருவரிடம் வேறு மாதிரியும் வெட்டியதற்கு அதுவே காரணம். இப்போது விதி ஒன்று என்று நிலைத்துவிட்டது. ஆனால் கீழே ஓடுகிற அந்த எண் பிரவுசர் தருவது இல்லை, தளத்தைச் செய்தவர் எழுதியது, அவர் வேண்டுமென்றே இரண்டாக எண்ணியிருக்கலாம். அப்படி எண்ணியிருந்தால் அவர் விவரம் தெரிந்தவர்.

தொண்டி_அன்வர்

இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை. தமிழ் எழுத்து ஒன்றுக்கு மூன்று இடம் பிடிக்கும், ஆங்கிலத்துக்கு ஒன்று. 1000 என்று போட்டிருந்தால் தமிழுக்கு 333 தான். எல்லாத் தளத்திலும் இதுதான் கதை, அதனால் நான் எப்போதும் மூன்றால் வகுத்துத்தான் எழுதுவேன்.

பாம்பன்_செல்வம்

அன்வர் பாய், பாதி சரி. தமிழின் ஒவ்வொரு குறியும், எழுத்தைச் சேமிக்கிற யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட், அதாவது நீங்கள் சொல்கிற மூன்று இடம், பிடிக்கும், மறுப்பே இல்லை. ஆனால் தளம் எண்ணுவது பைட்டையா குறியையா என்பதைப் பொறுத்து விடை மாறும். "பாம்பன்" என்று எழுதினால் கண்ணுக்கு 4 எழுத்து, குறியாக 7, பைட்டாக 21. மூன்றும் சரியான கணக்குகளே. ராஜியின் தளம் பைட்டை எண்ணியிருந்தால் பதிலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மட்டுமே நின்றிருக்கும், வரி நான்கோ ஐந்தோ தாண்டியிருக்காது. அவருக்கு 1000 குறி நின்று 7 போயிருக்கிறது, அதனால் அங்கே எண்ணியது குறியை.

எல்லா இடத்திலும் மூன்றால் வகுத்து எழுதினால் வெட்டு விழாது, அது உண்மை. ஆனால் சொல்ல வேண்டியதில் மூன்றில் இரண்டு பங்கை நீங்களே வெட்டிக்கொள்கிறீர்கள். பாசி எடுக்கிற பெண்கள் தங்கள் தொழிலைச் சொல்ல ஒரே ஒரு பெட்டி கொடுத்திருக்கிறார்கள், அதை நாமே ஏன் குறுக்க வேண்டும்?

கீழக்கரை_நிசா

அன்வர் காக்கா சொல்வது எனக்கு நடந்திருக்கிறது. வேறு ஒரு தளத்தில் வாப்பா பெயரில் முகவரி போட்டேன். 100 எழுத்து வரை என்று இருந்தது, நான் போட்டது அதற்குள்தான், பெட்டியும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டது. அச்சில் தெருப் பெயர் பாதியில் நின்று, கடைசியில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி மாதிரி ஒன்று வந்தது. மறுபடி போட்டாலும் அதே இடத்தில் அதே குறி. அது என்ன?

பாம்பன்_செல்வம்

நிசாம்மா, உங்களுடையது பைட் வெட்டு, அந்த வைரக் கேள்விக்குறியே சாட்சி. ஒரு தமிழ்க் குறியின் மூன்று பைட்டுக்கு நடுவில் கத்தி விழுந்திருக்கிறது, மிச்சமான ஒன்றோ இரண்டோ பைட்டை எந்த எழுத்தாகவும் படிக்க முடியாததால் அந்த அடையாளம் வருகிறது. 100 பைட் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி, கமா, வீட்டு எண்ணின் இலக்கம் இவை ஒவ்வொன்றும் ஒரே பைட். வெட்டு விழுந்த இடத்துக்கு முன்னால் அப்படி மூன்று இருந்தால் மிச்சம் 97. 32 தமிழ்க் குறி 96-ஐ எடுத்துக்கொள்ளும், ஒரு பைட் அனாதையாக நிற்கும். அதே முகவரியில் இன்னொரு கமா சேர்த்திருந்தால் மிச்சம் 96, சுத்தமாக 32 குறியோடு முடிந்திருக்கும், கேள்விக்குறி வந்திருக்காது, ஆனாலும் முகவரி பாதிதான்.

ஆரக்கிள் டேட்டாபேஸில் எழுத்துக்கான இடத்தை ஒதுக்கும்போது வேறு எதுவும் சொல்லாவிட்டால் அது பைட் கணக்குதான். மையெஸ்கியூஎல்லில் இப்போது குறிக் கணக்கு, ஆனால் கண்டிப்பு முறையை அணைத்து வைத்திருந்தால் அளவுக்கு மேல் வந்ததைப் பிழை சொல்லாமல் வெட்டிப் போட்டுவிட்டு உள்ளுக்குள் ஒரு எச்சரிக்கையை மட்டும் எழுதிக்கொள்ளும். 5.7 பதிப்பிலிருந்து கண்டிப்பு முறை தானாகவே இயங்கும்படி வருகிறது, ஆனால் பழைய நிரல்கள் ஓட வேண்டும் என்று அதை அணைத்து வைப்பவர்கள் உண்டு. உங்கள் தளத்தில் எது என்று வெளியிலிருந்து என்னால் சொல்ல முடியாது.

கீழக்கரை_நிசா

அப்படியானால் நான் ஆங்கிலத்தில் முகவரி போட வேண்டியதுதானா?

பாம்பன்_செல்வம்

அவசரத்துக்கு அதுதான் வழி, ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் 100-உம் கிடைக்கும். ஆனால் தமிழில் முகவரி கேட்டுவிட்டுத் தமிழுக்கு இடம் ஒதுக்காதது தளத்தின் குறை. புகார் எழுதும்போது "முகவரி வெட்டுப்படுகிறது" என்று மட்டும் எழுதினால் சின்னதாக எழுதுங்கள் என்று பதில் வரும். "தமிழில் 36 குறியில் வெட்டுகிறது, ஆங்கிலத்தில் 100 வரை வாங்குகிறது" என்று உங்கள் எண்ணோடு எழுதுங்கள், நிரல் எழுதியவருக்கு உடனே புரியும்.

ஏர்வாடி_ஆசிரியர்

ஒரு சந்தேகம். நான் வரி ஓரத்துக்கு வந்ததும் என்டர் தட்டி அடுத்த வரிக்குப் போவேன், தட்டச்சுப் பள்ளியில் கற்ற பழக்கம். படகுத்துறையில் விளக்கு எரியாதது பற்றி ஒரு மனு எழுதினேன், பெட்டியில் அழகாக நின்றது, அச்செடுத்தால் வரிகள் ஒடிந்து ஒடிந்து வந்தன, கடைசி இரண்டு வரி இல்லை. பெட்டி தானாகவே மடித்துக் காட்டுகிற வரிகளும் கணக்கில் வருமா?

பாம்பன்_செல்வம்

ஐயா, தானாக மடிவது கணக்கில் வராது. அது பெட்டியின் அகலத்துக்கு ஏற்றபடி காட்டுவது மட்டும், போனில் ஒன்பது வரியாகத் தெரிவது கணினியில் நான்கு வரியாகத் தெரியும், எண் மாறாது. நீங்கள் தட்டுகிற என்டர் மட்டுமே உள்ளே பதியும். ஆகவே ஓரத்தில் என்டர் தட்ட வேண்டாம், பத்தி முடியும்போது மட்டும் தட்டுங்கள். ஒவ்வொரு வரி முடிவிலும் தட்டினால் இடைவெளிக்கு ஒன்று போக வேண்டிய இடத்தில் அங்கே இரண்டு போகும், நாற்பது வரி மனுவில் அதுவே ஒரு வாக்கியம். சிலர் இடைவெளியும் விட்டு என்டரும் தட்டுவார்கள், அப்போது மூன்று. வரிகள் ஒடிந்து அச்சானதும் இதனால்தான், உங்கள் பெட்டியின் அகலமும் தாளின் அகலமும் ஒன்றில்லை.

மூக்கையூர்_அலை

நான் ஏலக்கடைக்கு மீன் விலையைத் தமிழில் மெசேஜ் அனுப்பினால் இரண்டு மெசேஜ் காசு போகிறது. அதுவும் இதே என்டர் பிரச்சனையா?

தொண்டி_அன்வர்

அது வேறு. சாதாரண எஸ்எம்எஸ் ஆங்கிலத்தில் 160 வரை, தமிழ்க் குறி ஒன்று வந்தாலே மொத்த மெசேஜும் 70-க்கு இறங்கிவிடும், தாண்டினால் துண்டுக்கு 67. என்டரும் இடைவெளியும் அங்கேயும் எண்ணப்படும். விலையை இலக்கத்திலும் மீன் பெயரை ஆங்கில எழுத்திலும் போட்டால் ஒன்றில் முடியும்.

வாலிநோக்கம்_குமார்

ராஜியின் விஷயத்துக்கு வருகிறேன். சேமித்தது முழுசாக இருந்து பிடிஎஃப்பில் மட்டும் வெட்டியிருக்க வாய்ப்பில்லையா? பிடிஎஃப் படிவங்களில் கட்டத்தின் உயரம் நிலையாக இருக்கும், அதற்குள் கொள்ளாத வரிகள் தெரியாமல் போகும். 22 வரி மாற்றம் என்றால் கட்டம் வழிந்திருக்கலாம்.

பாம்பன்_செல்வம்

நியாயமான கேள்வி, அப்படியும் நடக்கும். ஆனால் கட்டம் வழிந்தால் முழு வரிகள் போகும், அல்லது ஒரு வரியின் கீழ்ப்பாதி எழுத்து அறுந்து தெரியும். வார்த்தைக்கு நடுவில், அதுவும் வரி ஓரத்துக்கு வராமலே நிற்காது. ராஜியுடையது வார்த்தைக்குள் நின்றிருக்கிறது, 7 என்ற எண்ணும் பொருந்துகிறது. ஏர்வாடி ஐயாவின் மனுவில் கடைசி இரண்டு வரி முழுசாகப் போனது நீங்கள் சொல்கிற வகையாக இருக்கலாம். அதில் எது என்று உறுதியாகச் சொல்ல அச்சில் கடைசியாக நின்ற வார்த்தை முழுதா அரைகுறையா என்று அவர் பார்க்க வேண்டும்.

அனுப்புவதற்கு முன்பே அந்தப் பக்கத்துக் கணக்கைத் தெரிந்துகொள்ள விரும்பினால், கணினியில் படிவத்தைத் திறந்து F12 தட்டி கன்சோலில் இதைப் போடுங்கள். பெட்டியில் இருப்பதை எண்ணி என்டர்களை இன்னொருமுறை கூட்டிச் சொல்லும், எதையும் மாற்றாது.

```
var t = document.querySelector("textarea").value;
t.length + (t.match(/\n/g) || []).length
```

பக்கத்தில் பல பெட்டி இருந்தால் இது முதல் பெட்டியை மட்டுமே எண்ணும். போனில் இது முடியாது, கீழே காட்டுகிற எண்ணோடு என்டர்களைக் கையால் எண்ணிக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வாலிநோக்கம்_குமார்

ஒரு வார்த்தை, முன்பின் தெரியாதவர் கொடுக்கும் நிரலை கன்சோலில் ஒட்டாதீர்கள் என்று பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இது இரண்டு வரி, படித்தால் புரிகிறது, அதனால் பரவாயில்லை. நீளமாக யாராவது கொடுத்தால் வேண்டாம்.

நான் சின்னச் சின்னத் தளங்கள் செய்து கொடுப்பவன். தளம் செய்கிறவர் பக்கத்தில் இதற்கு ஒரு வரி போதும், அளப்பதற்கு முன்னால் இரட்டையை ஒற்றையாக்கிவிட வேண்டும். பிஎச்பியில் இப்படி:

```
$t = str_replace("\r\n", "\n", $t);
```

அதன் பிறகு strlen போடாமல் mb_strlen போட வேண்டும், முன்னது பைட்டை எண்ணும், பின்னது குறியை எண்ணும். அளவு மீறினால் வெட்டாமல் "இத்தனை அதிகம்" என்று திருப்பி அனுப்ப வேண்டும். எழுதியவருக்குத் தெரியாமல் அவர் பதிலை வெட்டுவதை நான் ஏற்கவே மாட்டேன்.

பாம்பன்_செல்வம்

ஏற்கிறேன். அதிலும் ஒரு நூலிழை இருக்கிறது குமார், சிரிக்கிற முகம் மாதிரி எமோஜி போட்டால் பெட்டி அதை இரண்டாக எண்ணும், mb_strlen ஒன்றாக எண்ணும். அங்கே கணக்கு மறுபக்கம் சாயும், வெட்டு விழாது, பெட்டிதான் சீக்கிரம் நிறைந்துவிடும்.

தங்கச்சிமடம்_ராஜி

வெற்று வரி எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன், பெட்டியில் 974 காட்டியது, அண்ணன் சொன்ன அதே எண். திருத்தி அனுப்பினேன், இந்தத் தடவை பிடிஎஃப் "கிடைக்கும்." என்று புள்ளியோடு முடிகிறது. மிச்சமிருந்த இடத்தில் ஐப்பசி, கார்த்திகையில் தெப்பங்களைக் கரைக்கு எடுத்துவிடுவோம் என்பதைச் சேர்க்கலாம் என்று பெரியம்மா சொல்கிறார். அண்ணே, இன்னும் எத்தனை எழுதலாம்?

இன்னொன்று, முதலில் அனுப்பியதுதான் அவர்கள் கையில் இருக்குமா, திருத்தியது போய்ச் சேர்ந்திருக்குமா என்று தெரியவில்லை. இரண்டு நகலிலும் ஒரே விண்ணப்ப எண்தான் இருக்கிறது.

பாம்பன்_செல்வம்

அங்கே இப்போது 985, ஆக இன்னும் 15 குறி. தனி வரியாகப் போட்டால் என்டருக்கே 2 போய் 13 தான், அதனால் ஏதாவது வரியின் ஓரத்திலேயே சேருங்கள். 15 குறி என்பது தமிழில் இரண்டு சின்ன வார்த்தை, அந்த வாக்கியம் கொள்ளாது. மழைக்காலம் பற்றிய வரி ஏற்கெனவே இருக்கிறதே, அதைச் சுருக்கி அந்த இடத்தில் இதை வையுங்கள்.

எந்த நகலை எடுத்துக்கொள்வார்கள் என்பது அவர்களைக் கேட்டால்தான் தெரியும். விண்ணப்ப எண்ணைச் சொல்லி, கடைசி வாக்கியம் எப்படி முடிகிறது என்று போனில் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஏர்வாடி_ஆசிரியர்

செல்வம், அச்செடுத்த தாளைத் தேடிப் பார்த்தேன். கடைசியாக நிற்பது முழு வார்த்தை, ஆனால் அதற்குப் பிறகு முற்றுப்புள்ளி இல்லை, அந்த வரி தாளின் பாதியிலேயே நிற்கிறது. இது கட்டம் வழிந்ததா, எண்ணிக்கையில் வெட்டியதா?

பாம்பன்_செல்வம்

நீங்கள் ஓரத்துக்கு ஓரம் என்டர் தட்டியிருப்பதால் வரி பாதியில் நிற்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை ஐயா. அசல் உங்களிடம் இருந்தால், அந்த வார்த்தை வரைக்கும் ஒரு பெட்டியில் ஒட்டி, வந்த எண்ணோடு என்டர்களைக் கூட்டிப் பாருங்கள். 1000, 2000 என்று அந்தத் தளம் சொன்ன வரம்பில் சரியாக வந்து நின்றால் எண்ணிக்கையில் வெட்டியது. சம்பந்தமில்லாத எண் வந்தால் குமார் சொன்ன கட்டம்.